இரவு முழுவதும் அணையாத சமையலறை விளக்கும் நான் தவறாகச் செய்த ஒரு சோதனையும்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் நான்கறை வீவக அடுக்குமாடி வீட்டில் பொதுக் கழிவறை சமையலறையை ஒட்டியே இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அம்மா எங்களோடு வந்து தங்கியபோது, நள்ளிரவில் எழுந்து இருட்டில் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேட வேண்டாம் என்பதற்காக, சமையலறைக் கூரையில் ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார் ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்த 18 வாட் விளக்கை அதனோடு இணைக்கச் செய்தேன். அம்மா அறைக் கதவைத் திறந்து இரண்டடி வைத்தால் விளக்கு எரியும். அவர் திரும்பி வந்து படுத்த ஐந்து நிமிடங்களில் அணைந்துவிடும். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அதைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் அந்த விளக்கு இரவு முழுவதும் அணையாமல் எரியத் தொடங்கியது. கதவைச் சாத்தினால் புழுங்குகிறது என்பதால் அம்மா கதவைத் திறந்து வைத்தே உறங்குவார். விளக்கின் வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. சுவிட்சை அணைத்துவிடலாம்தான், ஆனால் அப்படிச் செய்தால் பழையபடி இருட்டில் தடவ வேண்டும். "எரிஞ்சா எரியட்டும்ப்பா, நான் முந்தானையால மூடிக்கிட்டுப் படுத்துக்கிறேன்" என்று அம்மா சொன்னது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஒரு விளக்கைச் சரிசெய்ய முடியாதவனாக இரண்டரை மாதம் இருந்தேன்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். சென்சாரின் விளிம்பில் மூன்று சிறிய திருகுகள் இருக்கும். டைம் என்பது விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதையும், லக்ஸ் என்பது எவ்வளவு இருட்டிய பிறகு வேலைசெய்யத் தொடங்க வேண்டும் என்பதையும், சென்ஸ் என்பது எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. டைம் திருகைச் சற்றுக் குறைத்து வைத்தேன், பலனில்லை. இடையில் சில இரவுகளில் விளக்கு டிக் டிக் என்ற ஒலியோடு விட்டுவிட்டு எரிந்தது. இவ்விரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னால்தான் புரிந்தது.

சில்லறை மின்வேலைகள் செய்யும் ஒருவரை அழைத்தேன். அவர் சனிக்கிழமை நண்பகலில் வந்து, பழையதைக் கழற்றிப் புதிய சென்சாரைப் பொருத்தினார். சென்சாருக்கு 32 வெள்ளி, கூலி 70 வெள்ளி. மின்சாரம் வந்ததும் விளக்கு எரிந்தது, ஒரு நிமிடம் போல எரிந்துவிட்டு அணைந்தது. இவ்வகைச் சென்சார்கள் மின்சாரம் கிடைத்தவுடன் தம்மை நிலைப்படுத்திக்கொள்ள அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்த நேரத்தில் விளக்கு எரிவது இயல்பே. அது அணைந்ததைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று அவர் போய்விட்டார். அன்று இரவு டிக் டிக் ஒலி கேட்கவில்லை, ஆனால் விளக்கு மட்டும் விடியும்வரை எரிந்தது. கோளாறு இரவில்தான் வருகிறது என்றால் பகலில் வந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது என்ற எளிய உண்மை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் என்னை வெகுதூரம் தடம்புரளச் செய்தது. சென்சாரின் கண்ணை மூடிவிட்டால் அதனால் எதையும் பார்க்க முடியாது. அப்போதும் விளக்கு எரிந்தால் சென்சாரே பழுது என்று யோசித்தேன். யோசனை முற்றிலும் சரியானது. ஆனால் மூடுவதற்கு நான் எடுத்தது பேரங்காடியில் காய்கறி போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பை. அதை இரண்டாக மடித்து, சென்சாரைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. புதிய சென்சாரும் பழுது என்ற முடிவுக்கு வந்து, இம்முறை விலை கூடியதாகப் பார்த்து 48 வெள்ளிக்கு இன்னொன்று வாங்கி, மறுபடியும் 70 வெள்ளி கூலி கொடுத்து மாட்டச் செய்தேன். விளக்கு அப்போதும் எரிந்தது. மூன்று சென்சார்கள் ஒரே மாதிரிப் பழுதாக முடியாது என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு வந்தது. அதற்குள் இரண்டு மாதங்களும் 220 வெள்ளியும் போயிருந்தன.

பிறகு அலுவலக நண்பர் ஒருவர் வழியாக, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் கிடைத்தார். அறுபதை நெருங்கும் வயது என்பதால் அவரை அண்ணன் என்றே அழைத்தேன். நான் விவரம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, விளக்கு எத்தனை மணிக்கு இந்தத் தொல்லையைத் தொடங்குகிறது என்பதுதான். பத்து மணிக்கு மேல் என்றேன். அப்படியானால் பத்து மணிக்கே வருகிறேன் என்றார், இரவு வேலைக்கு 120 வெள்ளி ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

வந்தவர் முதலில் ஏணியில் ஏறி, டைம் திருகை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பினார். அந்தச் சென்சாரில் அது ஏறத்தாழ பத்து விநாடி. பின்பு எங்கள் எல்லோரையும் அம்மாவின் அறைக்குள் போய் அசையாமல் நிற்கச் சொல்லி, கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தார். இரண்டரை மாதமாக அணையாத விளக்கு அணைந்தது! நாற்பது விநாடி கழித்து எரிந்தது, பத்து விநாடியில் அணைந்தது, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எரிந்தது. எனக்கு அது அணையாத விளக்காகத் தெரிந்தது ஏன் என்றால், ஐந்து நிமிடக் கணக்கு முடிவதற்குள் ஏதோ ஒன்று மறுபடி மறுபடி அதைத் தூண்டியிருக்கிறது. ஒவ்வொரு தூண்டலிலும் ஐந்து நிமிடமும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. விளக்கு எரிந்தபடியே நின்றுவிட்டதா, ஓயாமல் தூண்டப்படுகிறதா என்பதைப் பிரித்தறியாமல் ஒரு காசும் செலவிடக் கூடாது. அதற்கு டைம் திருகைக் குறைத்துவிட்டு, ஆளில்லாமல் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். குறைத்த பிறகும் ஒருமுறைகூட அணையவில்லை என்றால், உள்ளே விளக்கை எரியவும் அணையவும் செய்யும் ரிலே என்ற சிறு சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்இடி விளக்குகள் எரியத் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் மிகப் பெரிது என்பதால் சிறிய ரிலேக்களுக்கு இது நேர்வதுண்டு. அல்லது, சுவிட்சை வேகமாக அணைத்துப் போட்டால் நிரந்தரமாக எரியும் நிலைக்கு மாறிக்கொள்ளும் வசதி சில மாதிரிகளில் உண்டு, அது தெரியாமல் இயக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்து அவர் கேட்டது அலுமினியத் தாள். நான் பிளாஸ்டிக் பையால் ஏற்கெனவே மூடிப் பார்த்துவிட்டேன் என்றதும் சிரித்துவிட்டார். சென்சாரின் முகத்தில் உள்ள அந்த வெண்மையான குவிந்த மூடியே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆனதுதான்; மனித உடலிலிருந்து வரும் வெப்பக் கதிரை அந்தப் பிளாஸ்டிக் எளிதாக ஊடுருவ விடும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காய்கறிப் பையும் அதே குடும்பம். அதாவது நான் கண்ணை மூடுவதாக நினைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டியிருக்கிறேன். இதில் வேடிக்கை, சாதாரண சன்னல் கண்ணாடி நம் பார்வைக்கு ஒளிவு மறைவற்றது, சென்சாருக்கோ அது சுவர். அலுமினியத் தாளை மடித்து மூடியைச் சுற்றி ஒட்டியதும் விளக்கு அணைந்தது. பத்து நிமிடம் காத்திருந்தும் எரியவில்லை. ஆக, சென்சார் நல்லது, கம்பியும் நல்லது, அது உண்மையாகவே எதையோ பார்க்கிறது என்பது உறுதியாயிற்று. அந்தப் பையை நான் எடுக்காமல், சமையலறை இழுப்பறையிலேயே கிடந்த அலுமினியத் தாளை எடுத்திருந்தால் 118 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

அது எதைப் பார்க்கிறது என்பதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தாளைப் பாதியாக மடித்து, முதலில் அம்மா அறைப் பக்கத்தை மறைத்தார். விளக்கு தன்பாட்டில் எரிந்தது. பிறகு அதை எதிர்ப்புறம் திருப்பி, துணி காயப்போடும் பின்கட்டுப் பக்கத்தை மறைத்தார், விளக்கு அமைதியானது. நாங்கள் பின்கட்டுக்குப் போனோம். மாலையில் துவைத்த துணிகள் மூங்கில் கழிகளில் ஈரத்தோடு தொங்கின. சன்னல் திறந்திருந்தது. சன்னலுக்கு வெளியே திட்டில், பிப்ரவரி இறுதியில் மாற்றிய ஏர்கானின் வெளிப்புறக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. பழைய கருவியைவிடப் பெரியதான அதன் சூடான மூச்சின் ஒரு பகுதி, சன்னல் வழியாக உள்ளே வந்து துணிகளை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் வெப்பம் தெரிந்தது. ஏர்கானை நாங்கள் பத்து மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு அணைப்போம், விளக்கின் தொல்லையும் அதே நேரம்தான். ஏர்கானும் விளக்கும் வேறு வேறு ஆட்கள் பொருத்தியவை என்பதால் இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

இவ்வகைச் சென்சார் அசைவைப் பார்ப்பதில்லை, வெப்பத்தின் மாற்றத்தைப் பார்க்கிறது என்று அண்ணன் விளக்கினார். உள்ளே எதிரெதிராக இணைக்கப்பட்ட இரண்டு சிறு உணர்பட்டைகள் இருக்கின்றன. அறை மொத்தமும் மெதுவாகச் சூடேறினால் இரண்டும் ஒரே அளவில் மாறி, ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மூடியில் தெரியும் சிறு கட்டங்கள் ஒவ்வொன்றும் அறையின் ஒரு துண்டை அந்தப் பட்டைகளின் மேல் குவிக்கின்றன. வெப்பமான அல்லது குளிர்ந்த ஏதோ ஒன்று ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நகரும்போதுதான் ஒரு பட்டை முந்தியும் மற்றது பிந்தியும் மாறி, சைகை பிறக்கிறது. எனவே ஓரிடத்தில் நிலையாக நிற்கும் குளிர்பதனப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தாலும் பொதுவாகத் தொல்லை தராது. ஆனால் ஈரத்துணி ஆவியாதலால் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும்; அதற்குப் பின்னால் உள்ள சுவரோ வெப்பக்காற்றால் சூடேறியிருக்கும்; துணி ஆடும்போது சென்சாரின் கண்ணுக்கு ஆள் நடப்பது போலவே இருக்கும். சோதித்தும் காட்டினார். துணிகளை எல்லாம் எடுத்தபோது தூண்டல்கள் வெகுவாகக் குறைந்தன, சன்னலையும் சாத்தியபோது அறவே நின்றன.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் இதில் சேர்ந்திருந்தது. நம் தோலின் வெப்பம் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு பாகை. புழுக்கமான மாலையில் சமையலறையும் முப்பத்தொன்றைத் தொட்டு நிற்கும். இடைவெளி குறைவாக இருப்பதால் சென்சாருக்கு ஆள் சரியாகத் தெரியாது. அப்படி ஒருமுறை அம்மா நடந்தும் விளக்கு எரியாமல் போனதால், நான்தான் முன்பு சென்ஸ் திருகை உச்சத்துக்குத் திருப்பி வைத்திருந்தேன். புதிய சென்சார்களிலும் அவ்வாறே வைக்கச் சொன்னேன். துணியின் இலேசான அசைவுக்குக்கூட அது துள்ளியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீர்வுக்கு எந்தப் புதிய பொருளும் தேவைப்படவில்லை. பின்கட்டைப் பார்க்கும் பக்கத்து மூடிக் கட்டங்களின் மேல் கறுப்பு மின்காப்பு ஒட்டுநாடாவை இரண்டு அடுக்காக ஒட்டினார். சில சென்சார்களோடு வரும் சிறு மறைப்புத் துண்டுகள் இதற்குத்தான். என்னுடைய பெட்டியிலும் அப்படி ஒன்று இருந்திருக்கிறது, அதை நான் பொதிவின் பகுதி என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிட்டேன். சென்ஸ் திருகை நடுவில் நிறுத்தி, டைம் திருகை மூன்று நிமிடத்துக்கு வைத்து, கடைசியில் அம்மாவையே நடக்கச் சொல்லிப் பார்த்தார். அறை வாசலைத் தாண்டியதும் விளக்கு எரிந்தது. திருகுகளைச் சரிசெய்யும்போது எவருடைய வழிக்காக விளக்கு இருக்கிறதோ அவரையே, அவர் இரவில் நடக்கும் வேகத்தில் நடக்கவைத்துப் பார்ப்பது முக்கியம். நான் நடந்து பார்த்துவிட்டு விட்டிருந்தால், அம்மாவின் மெதுவான நடை அதற்குத் தெரியாமல் போயிருக்கக்கூடும்.

அதன் பிறகு ஒரு வாரம் நிம்மதி. ஒரு நாள் மூன்று மணிக்கு விளக்கு எரிய, பதறி ஓடினால் மூடியின் மேல் ஒரு பல்லி. கண்ணுக்கு இவ்வளவு அருகில் இருந்தால் சிறு உயிரும் ஒரு கட்டம் முழுவதையும் நிரப்பிவிடும். அம்மா பல்லி விழும் பலனைப் பற்றிப் பேசத் தொடங்கியதால், அதை விரட்டிவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன். ஆனால் அதற்கடுத்த நாட்களில் பல்லியும் இல்லாமல், இரவுக்கு ஓரிரு முறை விளக்கு தானாக எரிந்தது. இம்முறை நான் பதற்றப்படாமல் அலுமினியத் தாளால் மூடினேன். அப்போதும் எரிந்தது. மூடிய கண்ணோடு எரிகிறது என்றால் காரணம் கம்பி வழியாக வருகிறது என்பது எனக்கே புரிந்தது. ஒரு தாளில் நேரத்தைக் குறித்துவைத்தேன். நான்காம் நாள், 11.40க்கு விளக்கு எரிந்த அதே நொடியில் என் மனைவி எங்கள் படுக்கையறைக் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். அங்குள்ள எக்ஸாஸ்ட் விசிறியின் சுவிட்சை அணைக்கச் சொல்லிப் பலமுறை பார்த்தோம். பத்தில் ஆறேழு முறை சமையலறை விளக்கு எரிந்தது.

விசிறிக்குள் இருப்பது கம்பிச்சுருள். ஓடிக்கொண்டிருக்கும் சுருளின் மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால், அதில் தேங்கிய ஆற்றல் ஒரு கூர்மையான மின்னழுத்தத் துடிப்பாகக் கம்பியில் பாயும். விசிறியும் சமையலறை விளக்கும் மின்பெட்டியில் ஒரே விளக்குச் சுற்றில் இருந்தன. சென்சார் தன் பட்டைகளிலிருந்து பெறும் சைகை மிக நுண்ணியது என்பதால் அதைப் பல மடங்கு பெருக்கித்தான் முடிவெடுக்கிறது. அந்தப் பெருக்கியின் மின்வழங்கலில் ஒரு துடிப்பு நுழைந்தால் அதையும் ஆள் என்றே எண்ணிக்கொள்கிறது. அண்ணன் மறுபடி வந்து, 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக அடைக்கப்பட்ட விரலளவு பொட்டலம் ஒன்றை விசிறியின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தார். துடிப்பை அது எழும் இடத்திலேயே விழுங்கிவிட வேண்டும், சென்சார் பக்கம் வைத்தால் பலன் குறைவு என்றார். பொருளும் கூலியும் சேர்த்து 60 வெள்ளி. அதன் பின் விசிறியை எத்தனை முறை அணைத்தாலும் விளக்கு அசையவில்லை.

போகும் முன், ஐந்து ஆண்டு உழைத்த பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி, மேசையில் வைத்துத் திறந்தார். அதில் மின்மாற்றி கிடையாது. தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு படல மின்தேக்கிதான் 230 வோல்ட்டிலிருந்து சிறிதளவு மின்னோட்டத்தை மட்டும் உள்ளே விடுகிறது. அதன் மேல் 0.33 மைக்ரோஃபாரட் என்று இருந்தது. அந்த அளவில் ஏறத்தாழ 24 மில்லிஆம்பியர் பாயும். ரிலேயை இழுத்துப் பிடிக்க 15 போதும். அளவியில் அது இப்போது காட்டியது 0.14. அதாவது 10 மில்லிஆம்பியர்தான் கிடைத்திருக்கிறது. ரிலே இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து, உடனே விட்டு, மீண்டும் தேறி இழுத்திருக்கிறது. நான் கேட்ட டிக் டிக் ஒலி அதுதான். ஒவ்வொரு மின்துடிப்பும் படலத்தில் ஒரு புள்ளியை எரிக்க, இவ்வகை மின்தேக்கி தன்னைத்தானே ஆற்றிக்கொண்டு சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகுமாம். ஆக முதல் சென்சாரை மாற்றியது வீண் இல்லை. அது ஒரு கோளாற்றைத் தீர்த்தது, நான்தான் இன்னொன்றையும் அதன் தலையில் கட்டினேன். மின்மாற்றி இல்லாததால் அந்தப் பலகையின் எல்லாப் பகுதியும் 230 வோல்ட் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும், இணைப்பில் உள்ளபோது ஒருபோதும் திறக்காதே என்று இரண்டு முறை சொன்னார்.

மொத்தம் 400 வெள்ளி செலவு. மின்கட்டணத்தைப் பற்றி அத்தனை நாள் புலம்பிய நான் ஒரு நாள் கணக்குப் போட்டேன்: 18 வாட், இரவுக்கு எட்டு மணி நேரம், எழுபத்தைந்து இரவுகள் என்றால் ஏறத்தாழ பதினொரு யூனிட்தான், நான்கு வெள்ளியைத் தாண்டாது. இப்போது ஈரத்துணி இருக்கும் இரவுகளில் பின்கட்டுச் சன்னலைப் பாதி சாத்திவைக்கிறோம். மிகப் புழுக்கமான இரவுகளில் சென்சார் இன்னும் ஓரடி தாமதமாகத்தான் அம்மாவைப் பார்க்கிறது. திருகை மேலும் ஏற்றாமல், அவர் அறை வாசலில் செருகியில் பொருத்தும் அரை வாட் விடிவிளக்கு ஒன்றை வைத்திருக்கிறேன்.